‘பாப்பம்’ என்று சொன்னால் காணாது



போன எபிசோடில் லேஆஃப் ஆன ஆக்களோடு பேசினோம். செவரன்ஸ் கடிதத்தில் எதைப் பார்த்துக் கையெழுத்து வைக்கிறது, அடுத்த வேலை தேடுறதை எங்கே தொடங்கிறது என்று ஒரு மணித்தியாலம் போனதே தெரியவில்லை. அதுக்குப் பிறகு உங்களிடம் இருந்து வந்த மெசேஜ்களில் நிறைய வேறு பக்கத்தில் இருந்து வந்தவை. “எனக்கு வேலை போகேல்லை, ஆனா...” என்று தொடங்கிற மெசேஜ்கள். அந்த ‘ஆனா’வுக்குப் பிறகு எல்லாரும் கிட்டத்தட்ட ஒரே விஷயத்தைத்தான் எழுதியிருந்தீர்கள். போன ஆக்களின் வேலையும் இப்ப என் தலையில. மனேஜர் ஒண்டும் சொல்லுறார் இல்லை. அடுத்த முறை நானோ தெரியாது.

இந்த வாரம் அதைப் பற்றி எழுதுறன். நான் அந்தப் பதில் சொல்லாத மனேஜராக இருந்தவன் என்றபடியால், கொஞ்சம் வெட்கத்தோடுதான் எழுதுறன்.

ரொறன்ரோவில் ஒரு நடுத்தர அளவு சாஃப்ட்வேர் கம்பனி. நான் அங்கே ஒரு எஞ்சினியரிங் டீமுக்கு மனேஜர். என்னைத் தவிர எட்டு டெவலப்பர்கள். வாடிக்கையாளர் காசு கட்டுற பகுதி, காசு திருப்பிக் கொடுக்கிற பகுதி, பில், அதோடு சேர்ந்த ரிப்போர்ட்டுகள், எல்லாம் எங்கட பொறுப்பு. ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணிக்கு மூன்று பேருக்கு மீட்டிங் அழைப்பு வந்தது. ஒன்பதரைக்கு அவர்களின் லேப்டாப் பூட்டுப்பட்டது. பதினொரு மணிக்கு முழுக் கம்பனிக்கும் தலைமை அதிகாரி பேசினார். ‘கவனத்தைக் குவிக்கப் போறோம்’ என்றார். பின்னேரம் இரண்டு மணிக்கு நான் என் மிச்ச ஐந்து பேரோடும் இருந்தேன்.

அந்த அரை மணித்தியாலத்தில் நான் சொன்னதெல்லாம் இன்றைக்கும் நினைவிருக்கு. “இது எல்லாருக்கும் கஷ்டமான நாள். உங்களுக்கு ஏதும் கதைக்க வேணும் என்றால் என் கதவு திறந்திருக்கு. வேலையை மெல்ல மெல்லப் பார்த்துக்கொள்வோம்.” கேள்வி இருக்கா என்று கேட்டேன். ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. எல்லாரும் தாங்கிக்கொண்டார்கள் என்று நினைத்தேன். கேட்டுப் பிரயோசனம் இல்லை என்று அவர்கள் முடிவெடுத்திருந்தார்கள் என்பது பிறகுதான் விளங்கினது.

அன்றைக்கு இரவு டீமில் இருக்கிற ஒரு தமிழ்ப் பிள்ளை போன் எடுத்தா. வேலைக்கு வந்து ஒன்றரை வருஷம்.

“அண்ணா, ஒண்டு கேக்கலாமோ?”

“கேளுங்கோ.”

“அந்த மூண்டு பேரின்ட வேலையையும் ஆர் செய்யப் போறது?”

நான் சொன்ன பதில்: “பாப்பம் தங்கச்சி.”

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு “சரி அண்ணா” என்று சொல்லி வைத்துவிட்டா.

‘பாப்பம்’ என்பது எங்கட வீடுகளில் என்ன அர்த்தம் என்று உங்களுக்குத் தெரியும். சின்ன வயதில் நண்பனின் வீட்டில் இரவு தங்கலாமா என்று அம்மாவிடம் கேட்டால் வாற பதில் அது. இல்லை என்றதை நேரே சொல்லாமல் சொல்லுற சொல். அந்தப் பிள்ளைக்கும் அது அப்படித்தான் கேட்டிருக்கும். ‘ஆர் செய்யப் போறது’ என்றதுக்கு ‘நீதான்’ என்று நான் பதில் சொன்ன மாதிரி.

என்னுடைய கட்சி இதுதான். லேஆஃப் முடிந்த பிறகு மிஞ்சின ஆக்களிடம் மனேஜர்மார் ஆறுதல் சொல்லப் போகிறார்கள். அவர்கள் கேட்கிறது ஒரு கணக்கு. ஆட்கள் குறைந்துவிட்டார்கள், வேலை குறையவில்லை, இந்த இரண்டுக்கும் இடையிலுள்ள வித்தியாசத்தை யார் சுமக்கிறது? எந்த வேலை இனி இல்லை என்று பெயர் சொல்லி, எழுதி, மேலிடத்தின் சம்மதத்தோடு காட்டும் வரைக்கும், மற்ற எந்த நல்ல வார்த்தையையும் அவர்கள் நம்ப மாட்டார்கள். நம்பாமல் இருப்பதும் சரிதான்.

வேலைச்சுமை பற்றிய பயத்தை ‘மனநிலை’ என்று ஒதுக்குவது லேசு. எங்கட டீமில் அது எவ்வளவு பெரிய கணக்கு என்று ஆன்-கால் முறையை வைத்துச் சொல்லுறன். ஆன்-கால் என்றால், ஒரு கிழமைக்கு இரவும் பகலும் பேஜர் உங்களிடம். சிஸ்டம் விழுந்தால் நடுச்சாமம் இரண்டு மணிக்கும் நீங்கள்தான் எழும்ப வேணும். எங்களிடம் ஒரு கிழமைக்கு இரண்டு பேர். ஒருவர் முதல் ஆள், மற்றவர் அவர் எடுக்காவிட்டால் எடுக்கிற துணை ஆள். எட்டுப் பேர் இருந்தபோது ஒருவருக்கு வருஷத்தில் 13 கிழமை வந்தது. ஐந்து பேர் ஆனதும் அதே முறையில் கிட்டத்தட்ட 21 கிழமை. வருஷத்தில் நாலில் ஒரு பங்கு ஐந்தில் இரண்டு பங்காகிவிட்டது. நான் ‘மெல்ல மெல்லப் பார்த்துக்கொள்வோம்’ என்று சொன்ன அந்த நிமிஷத்திலேயே இது நடந்து முடிந்துவிட்டது.

கூகுள் எஞ்சினியர்கள் 2016-இல் வெளியிட்ட சைட் ரிலையபிலிட்டி எஞ்சினியரிங் புத்தகத்தில் இதைப் பற்றி ஒரு அத்தியாயம் இருக்கு. ஒரே இடத்தில் இருக்கிற டீம் இப்படி இரண்டு பேர் முறையில் இருபத்திநாலு மணித்தியாலமும் பார்க்க வேணுமென்றால் குறைந்தது எட்டுப் பேர் வேணும் என்று அதில் எழுதியிருக்கிறார்கள். ஒருவரின் நேரத்தில் 25 சதவீதத்துக்கு மேல் ஆன்-காலுக்குப் போகக்கூடாது என்ற கணக்கில் இருந்து வந்த எண் அது. நாங்கள் சரியாக அந்த விளிம்பில் இருந்தோம். மூன்று பேரை எடுத்ததும் விளிம்பைத் தாண்டிவிட்டோம். என்னுடைய டீமுக்கு இது எல்லாம் தெரியும். அவர்கள் காலெண்டரைத் திறந்தால் தெரிகிற விஷயம்தானே.

இதைச் செய்து காட்டிய பெரிய கம்பனிகளும் இருக்கு. 2020 மே மாதம் ஏர்பிஎன்பி தன்னுடைய 7,500 பேரில் சுமார் 1,900 பேரை நிறுத்தியது. அப்போது பிரையன் செஸ்கி எழுதின கடிதம் மனிதத்தன்மையாக இருந்தது என்று நிறையப் பேர் பாராட்டினார்கள். ஆனால் எனக்கு அதில் முக்கியமாகப் படுகிறது வேறு பகுதி. போக்குவரத்துத் திட்டத்தையும் ஏர்பிஎன்பி ஸ்டூடியோஸையும் நிறுத்தி வைக்கிறோம், ஹோட்டல், லக்ஸ் இரண்டிலும் முதலீட்டைக் குறைக்கிறோம் என்று அதில் பெயர் சொல்லி எழுதியிருந்தார். அதாவது ஆட்களோடு சேர்த்து வேலையும் போகுது என்று சொல்லியிருந்தார். எங்கட நாட்டுக் கம்பனி ஷாப்பிஃபை 2023 மே மாதம் சுமார் 20 சதவீதம் பேரை நிறுத்தியபோதும், அதே அறிவிப்பில் லாஜிஸ்டிக்ஸ் தொழிலை ஃப்ளெக்ஸ்போர்ட்டுக்கு விற்கிறதாகச் சொன்னது. போன ஆக்களுக்கு இதனால் வலி குறையும் என்று நான் சொல்லவில்லை. மிஞ்சினவருக்கு ஒரு கேள்விக்காவது பதில் கிடைக்குது.

எங்கட தலைமை அதிகாரி அப்படி ஒன்றும் சொல்லவில்லை. ‘கவனத்தைக் குவிப்போம்’ என்றவர் எதைக் கைவிடுறோம் என்று சொல்லவில்லை. அப்படி என்றால் அந்தப் பட்டியலைப் போடுவது கீழே இருக்கிற மனேஜரின் வேலை. புதன்கிழமை காலையில் நான் ஒரு ஷீட்டைத் திறந்தேன்.

முதல் வேலை, எட்டுப் பேரும் செய்துகொண்டிருந்த எல்லாவற்றையும் எழுதுவது. திட்டமிடும் பலகையில் இருக்கிறதை மட்டும் எழுதினால் காணாது. திங்கட்கிழமை காலையில் ஒருவர் கையால் செய்து விற்பனைப் பகுதிக்கு அனுப்புகிற எண்கள், ஒரு வாடிக்கையாளருக்காக மட்டும் ஓடுகிற பழைய புரோகிராம், புது ஆட்களை நேர்காணுவது, இவையெல்லாம் எந்தப் பலகையிலும் இல்லை. எனக்கே தெரியாதவை இருந்தன. ஐந்து பேரிடமும் தனித்தனியாகப் போய் ‘போன கிழமை உண்மையாக என்ன செய்தீர்கள், போன மூன்று பேரும் என்ன செய்ததைக் கண்டீர்கள்’ என்று கேட்டுத்தான் பிடித்தேன். 26 வரி வந்தது.

ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் மூன்று விஷயம் எழுதினேன். கிழமைக்கு எத்தனை மணித்தியாலம் எடுக்குது? அதை யார் கேட்கிறார்கள்? அதைச் செய்யத் தெரிந்த ஆள் இன்னும் கம்பனியில் இருக்கிறாரா? கடைசிக் கேள்விக்கு நாலு வரியில் பெட்டி வெறுமையாக இருந்தது. அதில் ஒன்று காசு திருப்பிக் கொடுக்கிற இரவு வேலை. அதை எழுதினவரின் லேப்டாப் செவ்வாய்க்கிழமை ஒன்பதரைக்குப் பூட்டுப்பட்டுவிட்டது. கையளிப்பு என்று ஒன்றும் நடக்கவில்லை. டீமில் ஒவ்வொருவரும் தனித்தனியாக அந்த வேலையை நினைத்துப் பயந்துகொண்டு இருந்திருக்கிறார்கள். ‘இது உடைந்தால் நான்தான் பழி’ என்று. ஒருவரும் மற்றவரிடம் சொல்லவில்லை.

பிறகு கழித்தல் கணக்கு. கூட்டம், ஈமெயில் எல்லாம் போக ஒருவர் உருப்படியாக வேலை செய்கிறது கிழமைக்கு 30 மணித்தியாலம் என்று வைத்தேன். மூன்று பேர் போனால் 90 மணித்தியாலம் இல்லை. எட்டு வரிகளை முழுதாக நிறுத்தலாம் என்று கண்டேன், அதில் 38 மணித்தியாலம். ஆறு வரிகளை மெதுவாக்கலாம், அதாவது கிழமைக்கு ஒரு முறை செய்ததை மாதத்துக்கு ஒரு முறை. அதில் 16. மொத்தம் 54. இன்னும் 36 மணித்தியாலம் இடிக்குது.

இந்த இடத்தில்தான் அநேகமான மனேஜர்மார் நிற்பாட்டி விடுவார்கள். ‘மிச்சத்தை எப்படியோ சமாளிக்கலாம்’ என்று. அந்த ‘எப்படியோ’தான் உங்கட சனிக்கிழமை. நான் ஷீட்டோடு என் டைரக்டரிடம் போனேன். இந்த 36 மணித்தியாலத்துக்கு என்னிடம் ஆள் இல்லை, அடுத்த காலாண்டில் வர இருக்கிற புது சப்ஸ்கிரிப்ஷன் திட்டத்தில் ஏறக்குறைய இவ்வளவு நேரம் போகுது, அதை ஒரு காலாண்டு தள்ளிப் போடலாமா, இல்லாவிட்டால் வேறு எதை நிறுத்துறது என்று நீங்கள் சொல்லுங்கோ என்றேன். அவவுக்குப் பிடிக்கவில்லை. இரண்டு நாள் எடுத்தா. கடைசியில் தள்ளிப் போடச் சம்மதித்தா. அதைவிட முக்கியமான ஒன்றும் கேட்டேன். ‘இந்த எட்டும் இனி இல்லை’ என்று அந்த வேலைகளைக் கேட்கிற பகுதிகளுக்கு நீங்களே எழுதுங்கோ என்று.

ஏன் அவ எழுத வேணும்? நிறுத்தின வேலையைக் கேட்டு விற்பனைப் பகுதியின் பெரிய ஆள் ஒருவர் வரத்தான் செய்வார். அவருக்கு ‘இல்லை’ சொல்லுற பாரத்தை ஒன்றரை வருஷ அனுபவமுள்ள பிள்ளையின் தலையில் வைத்தால், அவ சொல்ல மாட்டா. இரவில் இருந்து செய்து கொடுத்துவிடுவா. லேஆஃப் நடந்து இரண்டு கிழமையில் யாருக்கு ‘இல்லை’ சொல்லத் தைரியம் வரும்? பட்டியல் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் மேலிடத்தில் இருந்து கையெழுத்து இல்லாவிட்டால் அது வெறும் ஆசை.

திங்கட்கிழமை திரும்பவும் டீமோடு இருந்தேன். இந்த முறை ஆறுதல் பேச்சில்லை. முதலில் ஒரு மன்னிப்பு: “போன செவ்வாய்க்கிழமை உங்கட கேள்விக்கு நான் பதில் சொல்லவில்லை.” பிறகு போன மூன்று பேரின் பெயரையும் சொன்னேன். ஏனென்று தெரியாது, லேஆஃப் முடிந்ததும் அவர்களின் பெயரை ஒருவரும் உச்சரிக்காமல் விடுவது வழக்கம். செத்த வீட்டில்கூட நாங்கள் அப்படிச் செய்வதில்லை. பிறகு ஷீட்டைத் திரையில் போட்டேன். நிறுத்துகிற எட்டையும் ஒவ்வொன்றாக வாசித்தேன். வெறுமையாக இருந்த நாலு பெட்டிகளையும் காட்டி, “இதை இப்ப ஒருத்தருக்கும் தெரியாது. உடைந்தால் பிடிக்க நேரம் எடுக்கும். அப்படி எடுக்கும் என்று டைரக்டருக்கும் எழுதிக் கொடுத்திட்டன்” என்றேன்.

ஆன்-காலையும் மாற்றினோம். இரவில் பேஜர் அடிக்கிறது காசு கட்டுற பகுதி விழுந்தால் மட்டும். மற்ற எச்சரிக்கைகள் காலை ஒன்பது மணி வரைக்கும் வரிசையில் நிற்கும். துணை ஆளாக இனி டெவலப்பர் இல்லை, நானும் பக்கத்து டீமின் மனேஜரும் மாறி மாறி. இதனால் ஒருவருக்கு வருஷத்தில் 21 கிழமையாக இருந்தது பத்துச் சொச்சமாக இறங்கினது. இதுக்கு ஒரு விலையும் இருக்கு. பில் அனுப்புற பகுதி இரவில் நின்றால் காலை வரைக்கும் நிற்கும். அதையும் எழுதி, அதனால் பாதிக்கப்படுகிற பகுதிகளுக்குச் சொன்னோம்.

பேச்சு முடிய, செவ்வாய்க்கிழமை வாய் திறக்காத அதே ஐந்து பேரும் நாற்பது நிமிஷம் கேள்வி கேட்டார்கள். சிலது கோபமான கேள்விகள். எனக்கு அது நிம்மதியாக இருந்தது. கோபப்படுகிறவர் இன்னும் பதில் வரும் என்று நம்புகிறார்.

அதில் மிகக் கஷ்டமான கேள்வி, நீங்கள் எல்லாரும் மெசேஜில் எழுதின அதே கேள்வி. “இன்னொரு ரவுண்டு வருமா?”

‘இல்லை, இதோடு முடிஞ்சுது’ என்று சொல்ல வாய் உன்னும். சொல்லக்கூடாது. என் அளவில் இருக்கிற ஒருவருக்கு அது தெரிய வராது. பெரிய இடத்திலும் ஒரு ரவுண்டோடு நிற்கும் என்று இல்லை. மெட்டா 2022 நவம்பரில் 11,000-க்கு மேற்பட்டவர்களை நிறுத்தியது. நாலு மாதத்தில், 2023 மார்ச்சில், இன்னும் சுமார் 10,000 பேர் என்று அறிவித்தது. ஷாப்பிஃபையின் அந்த 20 சதவீதமும், முதல் வருஷம் சுமார் 10 சதவீதம் பேரை நிறுத்தின பிறகு வந்ததுதான். நான் இல்லை என்று சொல்லி, பிறகு இன்னொரு ரவுண்டு வந்தால், அதுக்குப் பிறகு நான் ஆன்-கால் பட்டியலைப் பற்றிச் சொல்வதைக்கூட யாரும் நம்ப மாட்டார்கள்.

நான் மூன்று கூடையாகப் பிரித்துச் சொல்லப் பழகினேன். தெரிந்து, சொல்லக்கூடியது. தெரிந்தும் சொல்ல அனுமதி இல்லாதது. எனக்கே தெரியாதது. மனேஜர்மார் செய்கிற பெரிய பிழை, இரண்டாவது கூடையில் இருக்கிறதை மூன்றாவது கூடையில் இருக்கிற மாதிரிக் காட்டுவது. உதாரணமாக, அந்த மூன்று பேரை ஏன் தெரிவு செய்தார்கள் என்று கேட்டார்கள். எனக்குக் கொஞ்சம் தெரியும். ‘தெரியாது’ என்று சொல்லியிருக்கலாம். “அது அவர்களின் சொந்த விஷயமும் கூட, அதைப் பற்றிக் கதைக்க எனக்கு அனுமதி இல்லை” என்றேன். அது அவர்களுக்குப் பிடித்திருக்காது. ஆனால் நான் ‘தெரியாது’ என்று சொல்லுறபோது அது உண்மையிலேயே தெரியாததுதான் என்று அதுக்குப் பிறகு விளங்கினது.

அடுத்த ரவுண்டு பற்றிச் சொன்னது: “எனக்குத் தெரியாது. கம்பனியின் அடுத்த பட்ஜெட் காலாண்டு முடிவில் வரும், அப்ப ஏதும் தெரிய வரலாம். அதுவரை ஒவ்வொரு வியாழக்கிழமையும் எனக்குத் தெரிந்ததை எழுதுவன். புதுசாக ஒன்றும் இல்லாவிட்டால், ஒன்றும் இல்லை என்று எழுதுவன்.” அந்தக் கடைசி வசனம்தான் வேலை செய்தது. செய்தி இல்லாத கிழமையில் மனேஜர் பேசாமல் இருந்தால், ஆட்கள் அந்த மௌனத்துக்குத் தாங்களே அர்த்தம் கற்பிப்பார்கள். பதினொரு வியாழன் எழுதினேன். அதில் ஆறில் எழுத ஒன்றும் இருக்கவில்லை. ஆறையும் அனுப்பினேன்.

எல்லாம் வெற்றி என்று நினைக்க வேண்டாம். மூன்றாவது கிழமை பட்டியல் ஒழுகத் தொடங்கினது. திங்கட்கிழமை எண்களை நிறுத்திவிட்டோம் என்று சொன்னேனே, ஒரு திங்கட்கிழமை விற்பனைக் கூட்டத்தில் அதே எண்கள் திரையில் இருந்தன. விசாரித்தால், அங்கே ஒருவர் எங்கட டெவலப்பர் ஒருவருக்கு நேரே மெசேஜ் போட்டிருக்கிறார். ‘இந்த ஒரு தரம் மட்டும்’ என்று. இவரும் ஞாயிற்றுக்கிழமை இரவு இருந்து செய்து கொடுத்திருக்கிறார். மூன்று கிழமையாக.

அவரில் பிழை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ‘நிறுத்து’ என்று சொன்ன நான், கேட்டு வருகிறவரை என்ன செய்கிறது என்று அவருக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. அதுக்குப் பிறகு ஒரு வசனத்தை எல்லாருக்கும் எழுதிக் கொடுத்தேன்: ‘இது நிறுத்தின பட்டியலில் இருக்கு, திரும்பத் தொடங்க வேணுமென்றால் என் மனேஜரிடம் கேளுங்கோ.’ என்னிடம் வந்தால் எனக்கு ஒரே ஒரு விதி. ஒன்று உள்ளே வந்தால் ஒன்று வெளியே போகும். எது வெளியே போகிறது என்று கேட்கிறவர்தான் சொல்ல வேணும். பாதிப் பேர் அந்த இடத்திலேயே ‘பரவாயில்லை’ என்று போய்விட்டார்கள்.

ஒழுகுவதை முன்கூட்டியே கண்டுபிடிக்க இப்ப இரண்டு விஷயத்தைப் பார்க்கிறேன். ஒன்று, ஒருவர் எழுதின கோடை இன்னொருவர் பார்த்துச் சரி சொல்ல எடுக்கிற நேரம். எங்களுக்கு ஒரு நாளாக இருந்தது மூன்று நாளாகினால், எங்கேயோ கண்ணுக்குத் தெரியாத வேலை நேரத்தைத் தின்னுது. இரண்டாவது, கிழமைப் பலகையில் இருக்கிற வேலை குறைவாக, ஆனால் ஆட்கள் களைப்பாக இருப்பது. யார் எத்தனை மணிக்கு ஆன்லைனில் இருக்கிறார் என்று பார்ப்பதில்லை. லேஆஃப் முடிந்த கையோடு அதைச் செய்தால், அடுத்த பட்டியல் தயாராகுது என்றுதான் எல்லாரும் நினைப்பார்கள்.

இன்னொரு உண்மையும் சொல்ல வேணும். நாலாவது மாதம் ஐந்து பேரில் ஒருவர் விலகிப் போனார், டீமிலேயே அனுபவம் கூடினவர். “நீ செய்ததில் பிழையில்லை, ஆனால் இந்தக் கம்பனியை எனக்கு இனி நம்ப ஏலாது” என்றார். மனேஜர் ஒருவரால் தன்னில் இருக்கிற நம்பிக்கையைத்தான் திருத்தலாம். கம்பனியில் இருக்கிற நம்பிக்கை அவரின் கையில் முழுதாக இல்லை. ஆறுதலுக்குச் சொல்லவில்லை, அளவு தெரிந்திருக்க வேணும் என்பதுக்காகச் சொல்லுறன். அவர் போனதும் திரும்ப ஷீட்டைத் திறந்து இன்னொரு கழித்தல் கணக்குப் போட்டோம்.

‘சட்டம் இருக்குத்தானே, மணித்தியாலத்துக்குக் கட்டுப்பாடு இருக்குத்தானே’ என்று ஒருவர் மெசேஜில் கேட்டிருந்தார். ஒன்ராறியோவில் இருக்கிற எங்களில் நிறையப் பேருக்கு இது தெரியாது. எம்ப்ளாய்மென்ட் ஸ்டாண்டர்ட்ஸ் சட்டத்தின்படி கிழமைக்கு 44 மணித்தியாலத்துக்கு மேல் ஓவர்டைம் உண்டு. ஆனால் ‘இன்ஃபர்மேஷன் டெக்னாலஜி ப்ரொஃபெஷனல்’ என்ற வகைக்குள் வருகிறவர்களுக்கு ஓவர்டைமும் இல்லை, வேலை நேர உச்ச வரம்பும் இல்லை. சிஸ்டங்களை வடிவமைக்கிற, எழுதுகிற, ஓட்டுகிற ஆட்கள் பெரும்பாலும் அதுக்குள்தான் வருவார்கள். 25 பேரோ அதுக்கு மேலோ வேலை செய்கிற இடங்களில், வேலை முடிந்த பிறகு தொடர்பைத் துண்டிப்பது பற்றி எழுத்தில் ஒரு கொள்கை இருக்க வேணும் என்று 2022 முதல் விதி இருக்கு. அதில் என்ன இருக்க வேணும் என்று விதி சொல்லவில்லை. சட்டம் உங்கட சனிக்கிழமையைக் காப்பாற்றாது. அதனால்தான் அந்த எட்டு வரிப் பட்டியல் இவ்வளவு முக்கியம்.

இதையெல்லாம் அப்பாவிடம் சொன்னபோது அவர் சிரித்தார். இந்த நாட்டுக்கு வந்த புதுசில் பகலில் ஃபக்டரி, இரவில் ரெஸ்டோரன்ட் என்று இரண்டு வேலை செய்தவர். “வேலை இருக்கெல்லே, பிறகென்ன? வாயைப் பொத்திக்கொண்டு செய்யுங்கோவன்.” அவர் நிலையில் அது சரியான யோசனை. ஆனால் அதே பழக்கத்தோடு நாங்கள் ஆபீசுக்குள் போகிறோம். ஸ்டாஃபாக இருக்கும்போது கேட்காமல் சுமக்கிறோம். மனேஜரானதும் கேட்காமல் சுமப்பவர்களை ‘நல்ல ஆள்’ என்கிறோம். யார் அதிகம் சுமக்கிறார் என்று அந்த ஷீட்டைப் பார்த்தபோது, முதல் இடத்தில் இருந்தது எனக்குப் போன் எடுத்த அந்தப் பிள்ளைதான். மற்ற ஒருவரும் கேட்காத கேள்வியைக் கேட்டதும் அவதான்.

நீங்கள் மனேஜர் இல்லாவிட்டாலும் அந்தக் கேள்வியைக் கேட்கலாம். ‘என்னால ஏலாது’ என்று தொடங்க வேண்டாம். நீங்கள் செய்கிற எல்லாவற்றையும், போன ஆளிடம் இருந்து வந்தவையும் சேர்த்து, ஒரு பக்கத்தில் எழுதுங்கோ. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் மணித்தியாலம் போடுங்கோ. கூட்டிப் பாருங்கோ. பிறகு அந்தப் பக்கத்தை மனேஜரிடம் காட்டி, “இது கிழமைக்கு 58 மணித்தியாலம் வருது. இதில எதை விடுறது?” என்று மட்டும் கேளுங்கோ. பதிலை ஈமெயிலில் கேளுங்கோ. ஒரு பெயரைச் சொன்னால் உங்களுக்கு நல்ல மனேஜர் கிடைத்திருக்கு. ‘பாப்பம்’ என்றால், எப்ப என்று திகதி கேளுங்கோ.

அந்தப் பிள்ளை இப்பவும் எங்கட டீமில் இருக்கிறா. காசு திருப்பிக் கொடுக்கிற அந்த இரவு வேலையைப் படித்து, எப்படி ஓடுது என்று முழுதாக எழுதி வைத்தது அவதான், அதுவும் பட்டியலில் நேரம் ஒதுக்கி, பகல் வேலை நேரத்தில். போன கிழமை இன்னொரு பகுதியில் இருந்து ஒருவர் புது வேலை ஒன்றோடு அவவிடம் வந்தாராம். அவ கேட்டாவாம், “சரி, இதுக்குப் பதிலா எதை வெளியில எடுக்கிறது?” என்று.

அவருக்கு அவ ‘பாப்பம்’ என்று சொல்லவில்லை.

அடுத்த எபிசோடில் இதைப் பற்றி இன்னும் கதைப்போம். உங்கட இடத்தில் லேஆஃப் நடந்த பிறகு எந்த வேலை உண்மையிலேயே நின்றது, எது நின்ற மாதிரி நடித்தது என்று எழுதி அனுப்புங்கோ. கம்பனிப் பெயர் வேண்டாம். கணக்கு மட்டும் காணும்.